ஓய்வுக்குப் பின் மாதம் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 1998 செப்டம்பரில் சேர்ந்தேன். 2026 செப்டம்பரில் 58 முடிகிறது. சம்பளம் 60,000 ரூபாய், அதில் அடிப்படை 30,000. வீட்டுக் கடன் தவணை 9,000 இந்த வருடத்தோடு தீர்ந்துவிடும். கடைசிச் சம்பளத்தில் எண்பது சதவீதம் வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எழுபது, எண்பது சதவீதம் என்பது ஒரு கைக்கணக்கு. வேலை முடிந்ததும் சில செலவுகள் தானாக நின்றுவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. உங்களுக்கு பி.எஃப். பிடித்தம் 3,600, தவணை 9,000, பெட்ரோலும் மதியச் சாப்பாடும் 3,000 என்று வைத்தால் 15,600 குறையும். ஆனால் கம்பெனி மருத்துவக் காப்பீடும் அன்றோடு போய்விடும். மனைவிக்கும் சேர்த்து பிரீமியம், மருந்து என்று 3,000 கூட்டுங்கள். 47,400 வருகிறது. எண்பதுக்குப் பக்கம்தான். தவணை இன்னும் ஐந்து வருடம் ஓடுவதாக இருந்தால் 56,400 ஆகியிருக்கும், எண்பது போதாது.

இதில் பி.எஃப். பென்ஷன் எவ்வளவைத் தரும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பென்ஷன் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பான 15,000 ரூபாயை 28 வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுத்து 6,000 என்பார்கள். அது தப்பு. 2014 ஆகஸ்ட் வரைக்குமான 16 வருடத்துக்கு உச்சவரம்பு 6,500 மட்டுமே. அதற்குப் பிந்திய 12 வருடத்துக்குத்தான் 15,000. இருபது வருடம் தாண்டியதற்கான இரண்டு வருடச் சலுகையைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 4,300தான் வரும். உங்கள் சம்பளத்தில் ஏழு சதவீதம்! விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. இத்தனை வருடம் உழைத்தவருக்கு அகவிலைப்படி இல்லாத பென்ஷன் கொடுக்கும் முறையை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆக, மாதம் 43,100 உங்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்திலிருந்து வரவேண்டும். தபால் நிலையத்தில் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால், இப்போதைய 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும், அதாவது மாதம் 20,500. அறுபது வயது ஆகவில்லையே என்று திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள். 55 முடிந்து ஓய்வு பெற்றவரும் கணக்குத் தொடங்கலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும், போடும் தொகை அந்தப் பணத்தைத் தாண்டக்கூடாது. பணம் வந்த தேதியோடு கம்பெனியில் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி இல்லாமல் கவுண்டரில் அலைய விட்டதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

பி.எஃப். பணம் வரவானதுமே போன் வரும். "உறுதியான ஓய்வூதிய பாலிசி சார், பத்து வருடம் கட்டினால் போதும்" என்பார்கள். ஓய்வு பெற்றவர் பிரீமியம் கட்டுவதா, வாங்குவதா? இரண்டாவது வருடம் கட்ட முடியாமல் நின்றால் முதல் வருடப் பணத்தில் ஒரு பகுதி போய்விடும். பென்ஷனைக் கூட்டித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவருக்குக் கதவே திறக்காதீர்கள். பென்ஷன் விண்ணப்பமான படிவம் 10டி உங்கள் கம்பெனி வழியாகவே போகும், அதற்கு ஒரு பைசா செலவில்லை.

மீதி 22,600க்கு, ஓய்வுப் பணத்தில் 30 லட்சம் போக எவ்வளவு நிற்கிறது என்று பாஸ்புக்கைப் பாருங்கள். கல்யாணம், மாடி கட்டுவது என்று அதில் கை வைக்குமுன் இந்தக் கணக்கை வீட்டிலும் காட்டுங்கள்.