‘வாஸ்’ எங்கே, ‘வேர்’ எங்கே?

“அலுவலக மின்னஞ்சலில் ‘இஃப் ஐ வாஸ்’ என்று எழுதியதை மேலாளர் ‘இஃப் ஐ வேர்’ என்று திருத்தினார். அதன்பின் எல்லா இடத்திலும் ‘வேர்’ என்றே எழுதினேன். இப்போது அதுவும் தவறு என்கிறார். எழுதும்போதே சரிபார்த்துக்கொள்ள வழி உண்டா?”

இரண்டு திருத்தங்களும் சரியாகவே இருக்கக்கூடும். ‘இஃப்’ வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. சொல்லப்படும் நிபந்தனை உண்மைக்கு மாறானதா, உண்மையாகவே நடந்திருக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும். தமிழில் ‘இருந்தால்’, ‘பேசியிருந்தால்’ என்று இரண்டையும் ‘ஆல்’ என்றே முடித்துவிடுவதால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படுவதில்லை.

```
If I were the manager, I would extend the deadline.
If I was rude yesterday, I apologise.
```

முதல் வாக்கியத்தின் நிபந்தனையை அடுத்து “ஆனால் நான் மேலாளர் இல்லை” என்று மனத்துக்குள் சேர்த்துப் பாருங்கள். பொருள் இயல்பாகப் பொருந்துகிறது, எனவே ‘வேர்’. இரண்டாவதில் “ஆனால் நான் கடுமையாகப் பேசவில்லை” என்று சேர்த்தால், பிறகு எதற்கு மன்னிப்பு என்ற கேள்வி எழுகிறது. நேற்று அப்படிப் பேசியிருக்கலாம் என்று எழுதுபவரே ஒப்புக்கொள்வதால், அது சாதாரண இறந்தகாலம். அங்கே ‘வாஸ்’தான் வரும். ‘வேர்’ என்றால் எப்போதும் மரியாதை என்று எண்ணி இந்த இடத்தில் அதைப் போடுவதே நான் அடிக்கடி திருத்தும் பிழை.

ஐயம் தீரவில்லையெனில், ‘இஃப்’பை நீக்கிவிட்டு வினையை முன்னே கொண்டுவாருங்கள். ‘வேர் ஐ த மேனேஜர்’ என்பது சற்றுப் பழைய நடை என்றாலும் செல்லும். ‘வேர் ஐ ரூட் யெஸ்டர்டே’ என்று தொடங்கிவிட்டு மன்னிப்புக் கேட்பது செல்லாது.

பின்பாதியில் ‘வுட்’ வந்தால் ‘வேர்’ என்றும் சிலர் கற்பிக்கிறார்கள். பெரும்பாலும் அது பலிக்கும், ஆனால் முழுமையாக நம்பக்கூடாது:

```
If I was ill, my grandmother would make kanji.
```

சிறுவயதில் எனக்கு உடம்பு சரியில்லாதபோதெல்லாம் பாட்டி கஞ்சி வைத்துத் தருவார் என்பது இதன் பொருள். இந்த ‘வுட்’ வழக்கத்தைக் குறிப்பது. ‘இஃப்’ இருக்கும் இடத்தில் ‘வென்எவர்’ பொருந்தினாலும், “தயாரா என்று கேட்டார்” போன்ற வாக்கியங்களில் ‘வெதர்’ பொருந்தினாலும் ‘வாஸ்’ என்றே எழுதுங்கள்.

இந்தச் சிக்கல் ஐ, ஹி, ஷி, இட் ஆகியவற்றோடும் ஒருமைப் பெயர்களோடும் மட்டுமே எழும். யூ, வி, தே ஆகியவற்றுக்கு எப்படியும் ‘வேர்’தான். ‘இஃப் ஐ வேர்’ என்பதில் வரும் ‘வேர்’, பழைய ஆங்கிலத்தில் எல்லா வினைகளுக்கும் இருந்த ஒரு தனி வடிவத்தின் எச்சம். பேச்சில் உண்மைக்கு மாறான நிபந்தனைக்கும் ‘வாஸ்’ பரவலாக வழங்குகிறது, அதைப் பிழை என்று யாரையும் திருத்த வேண்டியதில்லை; தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் ‘வேர்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.