அரைப்புள்ளியா, முக்காற்புள்ளியா, கோடா?

கேள்வி: அலுவல் அறிக்கை எழுதும்போது அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, நீளமான கோடு மூன்றையும் தோன்றியபடி போடுகிறேன். இவற்றுக்குள் பொருள் வேறுபாடு உண்டா?

உண்டு. ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திருத்தியபோது இந்த வரி என்னை நிறுத்தியது:

குழு கணக்கை ஏற்கவில்லை; மூன்று மாத ரசீதுகள் இல்லை.

இங்கே இரண்டு செய்திகள் சமமாக நிற்கின்றன. தொடர்புடையவை என்று தெரிகிறது. என்ன தொடர்பு என்பது வாசகரின் ஊகம். ரசீது இல்லாததால் ஏற்கவில்லையா, அல்லது அது இன்னொரு குறையா? எழுதியவரிடமே கேட்டேன். காரணம் அதுதான் என்றார். அப்படியானால் முக்காற்புள்ளி வேண்டும்:

குழு கணக்கை ஏற்கவில்லை: மூன்று மாத ரசீதுகள் இல்லை.

இப்போது முதல் பகுதி 'ஏன்?' என்று கேட்க வைக்கிறது, அடுத்தது விடை சொல்கிறது. அந்த இடத்தில் 'ஏனெனில்' அல்லது 'அதாவது' என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் முக்காற்புள்ளி சரி. அந்தச் சொல்லையே எழுதிவிட்டால் புள்ளி தேவையில்லை. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன.

'ரசீதுகள் இல்லாததால் ஏற்கவில்லை' என்றும் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் அப்போது காரணம் முன்னால் வந்து, முடிவு கடைசிக்குப் போய்விடும். முடிவை முதலில் சொல்ல விரும்பும் இடத்தில்தான் முக்காற்புள்ளி உதவுகிறது.

அரைப்புள்ளியில் நான் அடிக்கடி காணும் பிழை வேறு. 'குழு கூடி; கணக்கைப் படித்து; முடிவைத் தள்ளிவைத்தது' என்று எழுதுகிறார்கள். 'கூடி', 'படித்து' என்பவை வினையெச்சங்கள். தனியே நிற்காத அவற்றுக்குக் காற்புள்ளி போதும். 'குழு கூடியது; கணக்கைப் படித்தது; முடிவைத் தள்ளிவைத்தது' என்று ஒவ்வொன்றும் வினைமுற்றாக முடிந்தால்தான் அரைப்புள்ளிக்கு இடம். அரைப்புள்ளியை முற்றுப்புள்ளியாக மாற்றினாலும் ஒவ்வொரு பகுதியும் நிற்க வேண்டும் என்பதே சோதனை.

கோட்டை நான் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறேன். வாக்கியத்தின் ஓட்டத்தை நிறுத்தி, இடையில் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்புவது அதன் வேலை: 'புதிய கணக்காளர் — அவர் பொறுப்பேற்று இரண்டு வாரமே ஆகிறது — விளக்கம் தந்தார்.' கோடுகளுக்கு இடையில் உள்ளதை எடுத்துவிட்டுப் படியுங்கள். 'புதிய கணக்காளர் விளக்கம் தந்தார்' என்று மீதி குறையில்லாமல் நிற்கிறது. அப்படி நிற்காவிட்டால் கோடு தவறு. இந்த வேலைக்குத் தமிழில் பெயரெச்சமும் இருக்கிறது: 'இரண்டு வாரங்களுக்கு முன் பொறுப்பேற்ற புதிய கணக்காளர் விளக்கம் தந்தார்.' இதில் அந்த விவரம் ஆளை அடையாளம் காட்டும் அடைமொழியாக அமைதியாகக் கலந்துவிடுகிறது. கோடு போட்டால் அதே விவரம் தனியே உரக்கக் கேட்கும். அவருக்குப் பழைய கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்ற குறிப்பும் வந்து சேரும். அந்தக் குறிப்பை நீங்கள் உண்மையிலேயே சொல்ல விரும்பினால் மட்டும் கோடு போடுங்கள்.