கனமான எதிரியும் ஏழடி ஈட்டியும்

அன்புள்ள ஐயா,

வாளும் ஈட்டியும் புழங்கும் கற்பனை நாடொன்றில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். கோட்டைக் காவல் படையில் இருக்கும் பெண்தான் நாயகி. ஓர் அத்தியாயத்தில் தனியாக நின்று ஐந்து வீரர்களை வீழ்த்துகிறாள். ஒருவனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். படித்த தோழி, "இது ஒரு ஆம்பளை ஹீரோ. பேரை மட்டும் மாத்தியிருக்கே" என்று சொல்லிவிட்டாள். அவளை மென்மையாக்கவும் எனக்கு மனமில்லை. எங்கே தவறுகிறேன்?

எம்.

அன்புள்ள எம்.,

மென்மையாக்க வேண்டாம். உங்கள் சண்டையில் இரண்டு உடல்கள் இல்லை என்பதுதான் சிக்கல். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எதிரியின் எடையில் இருபது கிலோவைக் கூட்டிவிட்டு அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். ஒரு வாக்கியத்தையும் மாற்றத் தேவைப்படவில்லை என்றால், அங்கே மோதுவது உடல்கள் அல்ல, பெயர்கள். இந்தச் சோதனையில் ஆண் நாயகர்கள் பலரும் தோற்றுப்போவார்கள், அது வேறு கதை.

கழுத்தைப் பிடித்துத் தூக்குவதை முதலில் எடுத்துவிடுங்கள். ஆண், பெண் வலிமை வேறுபாடு சராசரியில் தோளிலும் கையிலும்தான் அதிகம், காலில் குறைவு. நீங்களோ அவளுக்கு மிகவும் பாதகமான இடத்திலேயே அவளை வெல்ல வைக்கிறீர்கள். தேர்ந்த வீராங்கனை அந்த இடத்துக்கே போகமாட்டாள். எட்டத்திலிருந்து, காலின் விசையால் வெல்லப் பார்ப்பாள். அதற்கு வாளைவிட ஈட்டி நல்லது. வாள் கனமானது, பெண்ணால் தூக்க முடியாது என்பதற்காக அல்ல. ஒருகை வாள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். ஈட்டியைச் சொல்வது நீளத்துக்காக.

ஐந்து பேரை ஒருவனாக்குங்கள். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் நிற்கட்டும். ஒரு வீரன் அவளைவிட முப்பது கிலோ கூடுதல் எடை, கையில் கேடயமும் மூன்றடி வாளும். அவளிடம் ஏழடி ஈட்டியும் இடுப்பில் குறுவாளும். இடம், மூன்றடி அகலமுள்ள ஒரு வாசல். அவள் திறமையின் முதல் அடையாளம் அவள் நிற்கும் இடம். வாசலுக்குள் நிற்காமல் இரண்டடி உள்ளே தள்ளி நிற்கிறாள். நிலைக்கால்களுக்கு நடுவே வருபவனால் பக்கவாட்டில் ஒதுங்க முடியாது, வாளை அகலமாக வீசவும் முடியாது. ஈட்டிக்குக் குத்த நேர்க்கோடு போதும். பின்னால் இருப்பவர்களும் ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும்.

முதல் குத்து அவன் முழங்காலுக்குக் கீழே. காயம் பட்டால் லாபம், ஆனால் நோக்கம் கேடயத்தை இறக்க வைப்பது. அது இறங்கும்போதே முனை முகத்துக்கு ஏற வேண்டும். அந்த விசை தோளிலிருந்து வருவதில்லை. பின்காலின் குதிகால் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, பின்கை தண்டை முன்னே செலுத்துகிறது. முன்கை, அதாவது தண்டை முன்னால் பிடிக்கும் இடக்கை, வழிகாட்டும் வளையம் மட்டும்தான், தண்டு அதற்குள் வழுக்கி ஓடும். குத்திய வேகத்திலேயே முனையைத் திரும்ப இழுக்கவும் வேண்டும். புதியவர்கள் குத்திவிட்டு அப்படியே நிற்பார்கள். எதிரிக்கு வேண்டியதும் அதுதான்.

இப்போது தவறு நடக்கட்டும். தவறே நடக்காத சண்டையில் திறமையைக் காட்ட வழியில்லை. இரண்டாவது குத்தை இழுக்க அவள் அரைக் கணம் தாமதிக்கிறாள். அவன் முனையைக் கேடயத்தால் ஒதுக்கி உள்ளே நுழைந்துவிடுகிறான். முனையைத் தாண்டிவிட்டவனுக்கு ஈட்டி வெறும் கழி. அவன் வாளைத் தண்டின்மேல் வைத்து அப்படியே அவள் கையை நோக்கிச் சறுக்குகிறான். வாளுக்குப் பிடிக்கு மேலே கையைக் காக்கும் குறுக்குக் கம்பி உண்டு. ஈட்டித் தண்டில் அப்படி எதுவும் கிடையாது. அதனால் ஆபத்து முதலில் முன்கைக்குத்தான்.

இங்கே அவனோடு தண்டை இழுத்துப் போராட வைத்தீர்களானால் பழைய கதைதான், முப்பது கிலோ வென்றுவிடும். அவள் இழுக்கக் கூடாது. முன்கையை விட்டுவிட்டு, பின்கையால் தண்டின் அடியை அவன் கால்களுக்கு நடுவே தள்ளி, அவன் வந்த வேகத்திலேயே அவனை இடறவிட்டு விலக வேண்டும். அவன் எடை அவனுக்கே எதிராகும் ஒரே கணம் அது. விழுபவன் அருகில் வந்துவிட்டான், இனிக் குறுவாள். அந்த வேலையை ஒரே வரியில் முடியுங்கள்.

ஆனால் முன்கையை விடுவதற்குள் வாள் இடது சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகளின் மேல் ஓடிவிட்டது. இந்த வெற்றிக்கு அவள் கொடுக்கும் விலை இதுதான். புறங்கைப் பக்கத்தில் விரலை நீட்டும் தசைநாண்கள் இருக்கின்றன. அவை அறுந்தால் விரல் மடங்கும், தானாக நிமிராது. அதனால் அவளால் பிடிக்க முடியும், விட்டுவிட்டு மறுபடி பிடிக்க முடியாது. எதையும் பிடிக்கும் முன் விரல் விரிய வேண்டுமே! அடுத்தவன் வாசலுக்குள் வருகிறான். அவள் வலக்கையால் இடக்கை விரல்களைப் பிரித்துத் தண்டின்மேல் வைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு செய்கை, நீங்கள் எழுதிய ஐந்து சாவுகளையும்விடப் பயங்கரமானது.

அடுத்த அத்தியாயத்தில் இந்தக் காயம் மறைந்துவிடக் கூடாது. தசைநாணைத் தைக்கத் தெரிந்த மருத்துவர் இருந்தாலே விரலைக் கட்டையில் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் வைக்க வேண்டும். முழு வலு வர மூன்று மாதம் ஆகலாம். உங்கள் நாட்டில் தைப்பவர் இல்லையென்றால் அந்த விரல்கள் சரியாக நிமிரப்போவதே இல்லை. அப்போது அவளுக்கு ஒரு வழி உண்டு. கையை மாற்றுவது. வலக்கை முன்னே, இடக்கை பின்னே. பின்கை தண்டை விட்டு விட்டுப் பிடிக்கத் தேவையில்லை, ஒருமுறை பொருத்தினால் போதும். ஆனால் கை மாறினால் காலும் மாற வேண்டும். பத்தாண்டு பழகிய அடவுகள் தலைகீழாகும். நேற்று வரை பயிற்சியில் அவளிடம் அடிவாங்கியவன் இன்று அவளை எளிதாகத் தொட்டுவிடுவான். அவள் பலவீனமாகிவிட்டாள் என்று வாசகர் நினைக்கமாட்டார். அவளிடம் இருந்தது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

காயம் படுவதற்கு முன்பே பயிற்சி உடலில் எழுதிவைத்துவிடும். 1545இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி, வளர்ந்தபின் ஒட்ட வேண்டியது, ஒட்டாமலே இருந்தது. இளவயதிலிருந்து கனமான வில்லை இழுத்ததால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. உங்கள் நாயகிக்கும் அப்படி ஒன்று வேண்டும். பின்காலால் தள்ளித் தள்ளி வலப்பக்க இடுப்பு காலையில் இறுகியிருக்கிறது, படியிறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொள்கிறாள் என்று மூன்றாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். சண்டையில் அந்தக் கால் தரையைத் தள்ளும்போது விளக்கம் தேவைப்படாது.

விலை என்றதும் பலர் முன்கதைக்கு ஓடுகிறார்கள். கொல்லப்பட்ட குழந்தை, பாலியல் வன்முறை, அதற்குப் பழி. அது அவளுக்கு வேறு யாரோ செய்தது. அவள் கற்ற வித்தைக்கு அவளே கொடுத்த விலை அல்ல. தவிர்க்கவே முடியாத கதையாக இருந்தாலொழிய அதைத் தொடாதீர்கள்.

சண்டை முடிந்த உடனே வசனம் பேச வைக்காதீர்கள். முழு வேகத்தில் அரை நிமிடம் மோதினாலே மூச்சு வாங்கும், கை நடுங்கும். அவள் காயத்துக்குத் துணி சுற்றப் பார்க்கட்டும். ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட வரவில்லை. துணியைச் சும்மா சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடியே உட்காரட்டும்.

அன்புடன்.