வெள்ளச் சேதம் உண்டு, இன்ஜினுக்கு இல்லையா? விலக்கு விதியைத் திருத்தி எழுதும் முறை

கேள்வி: பொதுக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பாலிசி ஆவணங்களைத் தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். கார் பாலிசியில் உள்ள "பின்விளைவு இழப்பு, தேய்மானம், இயந்திர அல்லது மின் பழுது ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பாகாது" என்ற விதியை எளிமையாக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொற்களை மாற்றிப் பார்த்தேன். படித்தவர்களுக்கு இன்னும் எதற்குப் பணம் வராது என்று தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சொற்களில் மட்டும் கை வைத்ததுதான் சிக்கல். 'பின்விளைவு இழப்பு' என்பது கோரிக்கையை மறுக்கும்போது நிறுவனம் காட்டும் காரணத்தின் பெயர். அப்படி ஒரு நிகழ்ச்சி பாலிசிதாரரின் அனுபவத்தில் கிடையாது. அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தண்ணீர் புகுந்தது, சாவியைத் திருப்பினேன், வண்டி கிளம்பவில்லை. விதியை அந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு எழுத வேண்டும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் சூழ்ந்த வேளச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் நிறுத்திய கார் இரவில் மூழ்குகிறது. காலையில் தண்ணீர் வடிந்ததும் உரிமையாளர் ஸ்டார்ட் செய்கிறார். காற்றை அழுத்த வேண்டிய பிஸ்டனுக்கு முன்னால் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைகிறது. இன்ஜினைத் திறந்து பார்க்கும் சர்வேயர், சேதத்துக்குக் காரணம் வெள்ளமல்ல, இயக்கியதுதான் என்று எழுதுகிறார். உரிமையாளரோ, காப்புப் பட்டியலில் 'வெள்ளம்' என்ற சொல்லைப் படித்து நம்பியிருந்தவர். அவர்மீது தவறில்லை. ஒரு பக்கத்தில் கொடுத்ததை இன்னொரு பக்கத்தில், வேறு பெயரில், பறித்திருக்கிறோம்.

ஆகவே தருவதையும் தராததையும் ஒரே இடத்தில் வையுங்கள். என் வரைவு இது:

"வெள்ளமும் இன்ஜினும்: இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவையும் ஆயில் மாற்றும் செலவையும் தருவோம். தண்ணீர் புகுந்த பிறகு நீங்களோ, உங்கள் அனுமதியுடன் வேறு யாருமோ இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வளைந்த அல்லது உடைந்த பாகங்களுக்குப் பணம் தர மாட்டோம். 'இன்ஜின் பாதுகாப்பு' கூடுதல் காப்பை வாங்கியிருந்தால், அதன் நிபந்தனைகளின்படி இவற்றுக்கும் தருவோம்."

இதை எழுதும்போதே ஒரு கேள்வி எழும். தேங்கிய நீரில் ஓட்டிச் செல்லும்போது வண்டி நின்றுவிட்டது. ஓட்டியவர் மறுபடி ஸ்டார்ட் செய்யவே இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தண்ணீரை உறிஞ்சியதிலேயே ராட் வளைந்திருக்கலாம். பணம் உண்டா, இல்லையா? பழைய விதி இதற்குப் பதில் சொல்லாமல் 'பின்விளைவு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. உங்கள் பிரிவு மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. கோரிக்கைப் பிரிவையும் அண்டர்ரைட்டரையும் உட்காரவைத்து ஒரு விடையை வாங்கி, அதைத் தனி வாக்கியமாகச் சேர்த்துவிடுங்கள். அவர்களாலேயே ஒருமித்துச் சொல்ல முடியவில்லை என்றால், இதுவரை ஒவ்வொரு கோப்பிலும் வெவ்வேறு தீர்ப்பு சொல்லியிருக்கிறீர்கள் என்றே பொருள். என் அனுபவத்தில், திருத்தி எழுதும் வேலையின் பெரும்பகுதி இப்படிப்பட்ட விடைகளைத் தேடுவதுதான்.

தேய்மானத்தை இந்த வரியிலிருந்து பிரித்தெடுங்கள். அது பணத்தைக் குறைப்பது, மறுப்பது அல்ல. பாட்டரியை மாற்றினால் அதன் விலையில் 50 சதவீதம் கழிக்கப்படும் என்பதை, 'பொறுப்பாகாது' என்ற பட்டியலில் படிப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்? 'எவ்வளவு கழிப்போம்' என்று தனித் தலைப்பு கொடுங்கள்.

'போன்றவை', 'உள்ளிட்ட' என்ற சொற்களை விலக்கு விதியில் விடாதீர்கள். நிறுவனத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் அவற்றைச் சேர்க்கிறார்கள். ஆனால் விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில்தான் இருக்கிறது. சொல்லுக்கு இரண்டு பொருள் வருமானால், இந்திய நீதிமன்றங்கள் பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே கொள்கின்றன.

வரைவு முடிந்ததும், காப்பீட்டுத் துறையில் இல்லாத ஐந்தாறு பேரிடம் கொடுங்கள். 'புரிகிறதா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிகிறது என்பார்கள். மூன்று சம்பவங்களைச் சொல்லுங்கள்: மூழ்கிய காரை உரிமையாளர் ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியில் ஏற்றினார், மூழ்கிய காரை வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார், தண்ணீரில் ஓட்டும்போது கார் நின்றது. ஒவ்வொன்றுக்கும் பணம் வருமா, வராதா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விடைகள் கோரிக்கைப் பிரிவின் விடைகளோடு ஒத்துப்போகாத இடத்தில் வாக்கியத்தைத் திருத்துங்கள், பிறகு வேறு ஆட்களிடம் கொடுங்கள்.

பாலிசியோடு தரும் விளக்கக் குறிப்பில் மட்டும் இதைச் சேர்த்துவிட்டு மூல விதியை அப்படியே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டும் முரண்பட்டால் மூல விதிதான் செல்லும் என்று அந்தக் குறிப்பிலேயே போட்டிருக்கும். நிறுவனத்தின் உரிய ஒப்புதலைப் பெற்று மூல விதியையே மாற்றுங்கள்.