தற்காலிகச் சம்பளக் குறைப்பு: தேதியை எழுதி வாங்குவது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: நிர்வாகத்திடமிருந்து நேற்று மெயில் வந்தது. "அனைவருக்கும் சம்பளத்தில் 20 சதவீதம் தற்காலிகமாகக் குறைக்கப்படுகிறது. நிலைமை சீரானதும் பழைய சம்பளம் வழங்கப்படும்." இவ்வளவுதான். என்ன பதில் போடுவது?

அந்த மெயிலில் என்ன இல்லை என்று முதலில் பாருங்கள். எந்த மாதச் சம்பளத்தில் தொடங்குகிறது, எதோடு முடிகிறது, நிலைமை சீராகிவிட்டது என்று யார் முடிவு செய்வார்கள், எதுவுமே இல்லை. நான் பல வருடம் மனிதவளப் பிரிவில் இருந்து இந்த மாதிரிக் கடிதங்களைத் தயாரித்தவன். பெரும்பாலும் அதில் ஏமாற்றும் எண்ணம் இருக்காது. அந்த நேரத்தில் எல்லோருடைய கவனமும் செலவைக் குறைப்பதில் இருக்கும், திருப்பிக் கொடுக்கும் நாளைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் கேட்கப் போனால், மெயில் அனுப்பியவர் வேலை மாறிப் போயிருப்பார்.

உடனே சம்மதமும் சொல்லாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

"சம்பளக் குறைப்பு குறித்த உங்கள் மெயில் கிடைத்தது. நிறுவனத்தின் நெருக்கடி புரிகிறது, ஒத்துழைப்பது பற்றி யோசிக்கத் தயாராக இருக்கிறேன். முடிவு சொல்வதற்கு முன் சில விஷயங்கள் எனக்கு எழுத்தில் வேண்டும். குறைக்கப்பட்ட சம்பளம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்பது. முடிந்த மறுநாள் முதல், வேறு ஒப்புதல் எதுவும் தேவைப்படாமல், என் தற்போதைய சம்பளத் தொகை மீண்டும் வழங்கப்படும் என்பது. நீட்டிக்க வேண்டி வந்தால் என் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடுதான் நீட்டிக்கப்படும் என்பது. இடையில் என் வேலை முடிவுக்கு வந்தால், எனக்குச் சேரவேண்டியவை தற்போதைய சம்பளத்தின்படியே கணக்கிடப்படும் என்பது. இவை கிடைக்கும்வரை நான் வேலையைத் தொடர்வதை இந்த மாற்றத்துக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை மரியாதைக் குறைவு என்று நினைத்துப் பலர் எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். குறைந்த சம்பளத்தை மாதக்கணக்கில் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தால், நடத்தையாலேயே சம்மதித்துவிட்டார் என்று வாதிடப் பல நாடுகளின் சட்டத்தில் இடமுண்டு. அதனால்தான் முதல் குறைந்த சம்பளம் கணக்கில் ஏறுவதற்குள் இந்தப் பதில் போய்ச் சேர வேண்டும் என்கிறேன். இன்றைக்கு மேலும் சிலரிடமும் இதையேதான் சொல்வேன்.

'இடையில் வேலை முடிவுக்கு வந்தால்' என்ற வரிக்கும் காரணம் இருக்கிறது. சம்பளக் குறைப்புக்குப் பின்னால் ஆட்குறைப்பு வருவதுண்டு. நோட்டீஸ் காலச் சம்பளம், மிச்சமிருக்கும் விடுப்புக்கான பணம், பணிக்கொடை போன்றவற்றைப் பல இடங்களில் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த வரி இல்லையென்றால் அவையும் சேர்ந்து குறையலாம்.

கேள்வி: நாம் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவர்களால் குறைக்கவே முடியாதே. பிறகு எதற்கு இந்தக் கடிதமெல்லாம்?

பாதி சரி. ஒப்பந்தத்தில் இருக்கும் சம்பளத்தை ஒரு தரப்பே மாற்றக் கூடாது என்பது பொதுவான விதிதான். ஆனால் உங்கள் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒரு வரி இருக்கலாம். சில நாடுகளில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, இனி செய்யப்போகும் வேலைக்கான சம்பளத்தைக் குறைக்க முடியும். அப்புறம், விதி உங்கள் பக்கம் இருந்தாலும் அவர்கள் குறைத்துவிட்டால் வழக்குப் போட வேண்டியவர் நீங்கள். அன்றைக்கு இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு, உள்ளூர்த் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ ஒரு தடவை காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் தேதியோடு எழுதியே கொடுத்துவிட்டார்கள். இப்போது 20 சதவீதம் குறைப்பு, மூன்று மாதம் முடிந்ததும் 20 சதவீதம் உயர்வு. கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். உங்கள் சம்பளம் 50,000 என்று வையுங்கள். 20 சதவீதம் போனால் 40,000. அந்த 40,000-க்கு 20 சதவீதம் என்பது 8,000 மட்டுமே, ஆகச் சம்பளம் 48,000-இல் நின்றுவிடும். பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் உயர வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: திருப்பித் தருவதை 'உயர்வு' என்று எழுதிவிட்டால், அந்த வருட ஊதிய உயர்வை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று பிறகு சொல்ல முடியும்.

சதவீதத்தை எடுத்துவிட்டுத் தொகையை எழுதச் சொல்லுங்கள். "இந்தத் தேதி முதல் மாதச் சம்பளம் 50,000 ஆக மீட்டமைக்கப்படும், இது ஊதிய உயர்வாகக் கருதப்படாது." ஒரே வரிதான். எதிர்ப்பு வராது, ஏனென்றால் பெரும்பாலும் எழுதியவரே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

கேள்வி: மேனேஜர் நல்லவர். "நாலு மாசம்தான், நான் பொறுப்பு" என்று வாயால் சொன்னார். எழுத்தில் கேட்டால் வருத்தப்படுவார். என்ன செய்வது?

அவரிடம் கடிதம் கேட்க வேண்டாம். நீங்களே ஒரு மெயில் போடுங்கள்: "இன்று பேசியதற்கு நன்றி. குறைப்பு நான்கு மாதத்துக்கு மட்டும் என்றும், அதன் பிறகு பழைய சம்பளம் வரும் என்றும் புரிந்துகொண்டேன். தவறாக இருந்தால் திருத்துங்கள்." மனிதவளப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். சம்பளத்தை முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அநேகமாக இருக்காது.

கேள்வி: நான் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் இருக்கிறேன். கடிதத்தில் தேதி இருந்தும் பழைய சம்பளம் வராத கதைகள் எனக்குத் தெரியும். யாராவது புதிதாக ஆணை அனுப்பினால்தான் நாங்கள் தொகையை மாற்றுவோம். அனுப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது. அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல், குறைப்பைத் தனி வரியாகக் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் நல்லது. என்ன சொல்கிறீர்கள்?

வேலை தெரிந்தவர் பேச்சு. சம்பளச் சீட்டில் 50,000 அப்படியே இருந்து, கீழே 'தற்காலிகக் குறைப்பு 10,000' என்று தனியாக வந்தால், மாதாமாதம் அந்தச் சீட்டே உங்களுக்குச் சாட்சி. வங்கிக் கடனுக்கோ அடுத்த வேலைக்கோ சீட்டைக் காட்டும்போதும் உதவும்.

ஆனால் எல்லா நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது. சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்வதற்குப் பல இடங்களில் தனி விதிகள் உண்டு, அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று தொகையையே மாற்றுவார்கள். அப்படியானால் ஒன்று கேளுங்கள்: குறைப்பைப் பதிவு செய்யும் அதே நாளில், முடிவுத் தேதியையும் அன்றிலிருந்து வரவேண்டிய தொகையையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். "வேறு ஒப்புதல் தேவைப்படாமல்" என்று கடிதத்தில் போடச் சொன்னதும் இதற்காகத்தான்.

கேள்வி: ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறேன். நீங்கள் சொல்வது ஒருதலைப்பட்சம். நெருக்கடி எப்போது தீரும் என்று எனக்கே தெரியாது. பொய்த் தேதி எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. நெருக்கடி தீரும் தேதியை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் ஊழியர் கொடுத்த சம்மதம் தீரும் தேதியைக் கேட்கிறார். அந்த நாளில் பணம் இல்லையென்றால் அவரைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டி மறுபடி சம்மதம் கேளுங்கள். தேதியே இல்லாவிட்டால் மாதாமாதம் கெஞ்ச வேண்டியவர் அவர். தேதி இருந்தால் வந்து பேச வேண்டியவர் நீங்கள். நான் கேட்பது அந்த ஒரு மாற்றத்தைத்தான்.

அதே நிறுவனர்: அன்றைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் ஆளைக் குறைப்பதைத் தவிர எனக்கு வழி இல்லை. அது அவருக்கு நல்லதா? "விற்பனை பழைய அளவுக்கு வந்ததும்" என்று நிபந்தனை போட்டால் இருவருக்கும் நியாயம்.

நிபந்தனை மட்டும் என்றால் எனக்கு உடன்பாடில்லை. விற்பனைக் கணக்கு உங்கள் மேசையில் இருக்கிறது, ஊழியர் அதைப் பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: விற்பனை இன்ன தொகையைத் தொட்ட மாதம் அல்லது இன்ன தேதி, எது முந்தியோ அது. நிபந்தனை சீக்கிரம் நிறைவேறினால் அவருக்கு லாபம், நிறைவேறாவிட்டாலும் தேதி அவரைக் காக்கும்.

சம்பளப் பிரிவுக்காரர்: நிறுவனர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தேதியைப் பிடிவாதமாகக் கேட்டவர்களைத்தான் ஆட்குறைப்புப் பட்டியலில் முதலில் சேர்த்தார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

நடக்கும், மறுக்கவில்லை. அதனால்தான் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வாசகத்தில் கேட்பது நல்லது என்பேன், ஒருவர் மட்டும் கண்ணில் படமாட்டார். ஆனாலும் தேதி கேட்டதற்காகவே வேலை போகும் அபாயம் இருக்கும் இடத்தில், கேட்பதா விடுவதா என்பதை அவரவர் வீட்டு நிலைமையை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். அதற்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை.

கேள்வி: பழைய சம்பளம் திரும்பி வரும்போது, இடையில் குறைத்த பணமும் சேர்ந்து வருமா?

தானாக வராது. சம்பளத்தை மீட்பது வேறு, பிடித்து வைத்ததைத் திருப்பித் தருவது வேறு. குறைத்தது தள்ளுபடியா, தள்ளிவைப்பா என்று கடிதத்திலேயே கேளுங்கள். தள்ளிவைப்பு என்றால் எத்தனை தவணை, எந்த மாதம் முதல் என்பதும் வேண்டும். தள்ளுபடி என்றால் ஈடாக வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம். 20 சதவீதம் என்பது வாரத்தில் ஐந்து நாள் வேலையில் ஒரு நாள்.

கேள்வி: எங்கள் டீம் லீடர் மீட்டிங்கில் "கண்டிப்பா திரும்ப வரும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அது போதாதா?

போதாது. மேனேஜர் கேள்விக்குச் சொன்னதைப் படியுங்கள், அதே மெயில்தான்.

கேள்வி: எனக்கு இரண்டு வருடமாக இன்க்ரிமென்ட் இல்லை. இந்தக் கடிதத்தையே அனுப்பலாமா?

இது அதற்கான கடிதம் இல்லை. உயர்வு தராமல் இருப்பதும் இருக்கும் சம்பளத்தைக் குறைப்பதும் வேறு வேறு. ஒப்பந்தத்தில் வருடாந்தர உயர்வு வாக்களிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் வாய்ஸ் மெசேஜ் போட்டார். அது எழுத்து மாதிரிதானே?

மூன்றாவது தடவை இதே கேள்வி. மெசேஜைச் சேமித்து வையுங்கள், அப்புறம் மேலே சொன்ன மெயிலைப் போடுங்கள். முதல் குறைந்த சம்பளம் வருவதற்குள் போடுங்கள்.

கேள்வி: எனக்கு அந்த முதல் சம்பளம் எப்போதோ வந்துவிட்டது. ஐந்து மாதமாகக் குறைந்த சம்பளம், எந்தக் கடிதமும் இல்லை. இனிமேல் கேட்டால் பிரயோஜனம் உண்டா?

உண்டு, இன்றே எழுதுங்கள். உங்களுக்கு வாசகம் கொஞ்சம் மாறும். "இந்த மாதம் முதல் இவ்வளவு குறைவாக வருகிறது. தற்காலிகம் என்று சொல்லப்பட்டதால்தான் பொறுத்துக்கொண்டேன், நிரந்தர மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. எந்தத் தேதியில் பழைய சம்பளம் வரும் என்று இந்த மாத இறுதிக்குள் தெரிவியுங்கள்" என்று தொடங்குங்கள். குறைப்பை முதலில் அறிவித்த மெயிலோ சுற்றறிக்கையோ இருந்தால் அதன் தேதியைக் குறிப்பிடுங்கள். 'தற்காலிகம்' என்ற சொல் அதில் இருந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய பலம். பழைய, புதிய சம்பளச் சீட்டுகளையும் உங்கள் கடிதத்தின் நகலையும் அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காதீர்கள். கடந்த மாதங்களின் பாக்கியைக் கேட்டு வாங்க முடியுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். கோருவதற்குக் காலக்கெடுவும் இருக்கும். வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இந்த மாதம் 25-ஆம் தேதி அறிவித்துவிட்டு, 1-ஆம் தேதியிலிருந்தே குறைப்பு என்கிறார்கள். சரியா?

சரியில்லை. செய்து முடித்த 25 நாள் வேலை பழைய சம்பளத்துக்குச் செய்தது. அந்த நாட்களுக்கான முழுத் தொகையை ஒரு தனி மெயிலில் கேளுங்கள். குறைப்பு பற்றிய பேச்சுவார்த்தையோடு இதைக் கலக்காதீர்கள்.