ஆஸ்பத்திரியில் இருந்தபோது தவறிய தவணை: அபராதத்தைத் தள்ளுபடி கேட்டு எப்படி எழுதுவது?

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்கடன் தவணை 14,600 ரூபாய், 5-ஆம் தேதி எடுப்பார்கள். 3-ஆம் தேதி என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் சேர்த்தோம், 17-ஆம் தேதிதான் வீட்டுக்கு வந்தார். 20-ஆம் தேதி தவணையைக் கட்டிவிட்டோம். ஸ்டேட்மெண்டில் பவுன்ஸ் கட்டணம் 590, அபராதக் கட்டணம் 700, அதற்கு ஜிஎஸ்டி 126 என்று போட்டிருக்கிறார்கள். தள்ளுபடி கேட்டு எப்படி எழுதுவது?

பதில்: முதலில் அந்த 126 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள் அம்மா, அதை நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கொடுத்த சுற்றறிக்கைப்படி வசூலிக்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2025 ஜனவரியில் மத்திய அரசின் வரித்துறை தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அது தவறாகப் போட்ட தொகை, திருப்பித் தரச் சொல்லலாம்.

அதே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: அபராதத்தை அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது. அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் 700-க்கு மேல் வட்டி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மீதி 1,290 ரூபாய் வேறு கதை. ஆஸ்பத்திரியில் இருந்தால் அபராதம் போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, அப்படி இருப்பதாகக் கடிதத்தில் எழுதினால் படிப்பவர் அங்கேயே எடுத்து வைத்துவிடுவார். தள்ளுபடி மேனேஜரோ அவருக்கு மேல் உள்ள அலுவலகமோ மனது வைத்துச் செய்வது. அவர்கள் பார்ப்பது மூன்றைத்தான்: இதற்கு முன் ஒழுங்காகக் கட்டினீர்களா, தேதிகள் பொருந்துகின்றனவா, இப்போது பாக்கி இல்லையா. நோயின் கதையை இரண்டு பக்கம் எழுதினால் இந்த மூன்றும் அதற்குள் புதைந்து போகும். இந்த அளவு போதும்:

"என் வீட்டுக்கடன் கணக்கு எண் ……. 5-ஆம் தேதித் தவணை ரூ.14,600 அன்று வசூலாகவில்லை. நான் 3-ஆம் தேதி முதல் 17-ஆம் தேதி வரை உள்நோயாளியாக இருந்ததால் கணக்கில் பணம் மாற்ற முடியவில்லை. 20-ஆம் தேதி முழுத் தவணையும் செலுத்திவிட்டேன். இதற்கு முன் …… தவணைகளை உரிய தேதியில் கட்டியுள்ளேன். அபராதக் கட்டணத்தின் மீது வசூலித்த ஜிஎஸ்டி ரூ.126 விதிப்படி பொருந்தாது என்பதால் அதைத் திருப்பி வரவு வைக்கவும். அபராதக் கட்டணம் ரூ.700, பவுன்ஸ் கட்டணம் ரூ.590 இரண்டையும் மேற்சொன்ன காரணத்தால் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் தரவும்."

கடன் அவர் பெயரில் மட்டும் இருந்தால் கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும், நீங்களும் கடன்தாரராக இருந்தால் "நான்" என்ற இடத்தில் "என் கணவர்" என்று மாற்றி நீங்களே போடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்த்த தேதியும் அனுப்பிய தேதியும் உள்ள பக்கத்தின் நகல் போதும், பரிசோதனை ரிப்போர்ட்டுகளை எல்லாம் கொடுக்காதீர்கள், அவை வங்கிக்குத் தேவையே இல்லை.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். என் மச்சான் மேலூரில் இப்படித்தான் கவுண்டரில் நம்பிக் கொடுத்துவிட்டு வந்தார், ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள், அவர் கையில் காட்ட ஒன்றும் இல்லை. கிளையில் முத்திரை தர மறுத்தால் வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு அனுப்பிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் புகார் தரலாம், கட்டணம் இல்லை. அங்கே 126 ரூபாய் விஷயத்தை முன்னால் வையுங்கள், அது வங்கியின் பிழை. வெறும் தள்ளுபடிக்காக மட்டும் போனால் அது வங்கி தன் விருப்பப்படி எடுக்கும் முடிவு என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

ஒன்று மட்டும் இன்றைக்கே பாருங்கள். சில இடங்களில் நீங்கள் கட்டும் பணத்திலிருந்து கட்டணங்களை முதலில் எடுத்துக்கொண்டு, தவணையைக் குறையாகக் காட்டுவார்கள். அப்படியானால் 14,600 கட்டியும் 1,416 பாக்கியாக நிற்கும், ஒவ்வொரு மாதமும் அது தாமதமாகவே பதிவாகும். கடன் கணக்கில் பாக்கி பூஜ்யமா என்று கேளுங்கள், இல்லை என்றால் அதைக் கட்டிவிட்டு, "ஆட்சேபத்துடன் கட்டினேன்" என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். அந்த 15 நாள் தாமதம் சிபிலில் பதிவாகியிருந்தால் தள்ளுபடி கிடைத்தாலும் அது அழியாது, உண்மையிலேயே தாமதம் நடந்ததால். தள்ளுபடி ஆயிற்று என்று வாய்மொழியாகச் சொன்னால் ஸ்டேட்மெண்டில் வரவு வரும் வரை முத்திரை போட்ட பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.