பிரேரணையா, பாதீடா: தவிசாளரின் கதிரையை அசைப்பது எது?

"ஐயா, வன்னியில் ஒரு சபைக்கு இந்த முறைதான் முதன்முதலாக உறுப்பினராக வந்திருக்கிறேன். சபையில் நாங்கள் 20 பேர். தவிசாளருக்கு எதிராக 11 பேர் கையெழுத்து வைத்து நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்தோம். அது நிகழ்ச்சி நிரலில் வரவே இல்லை. அன்றைக்குக் கூட்டத்துக்கு 15 பேர் வந்திருந்தோம். ஏன் போடவில்லை என்று கேட்டுப் பார்த்துவிட்டு எங்கட ஆட்கள் 6 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். உடனே தவிசாளர், கூட்டம் நடத்தத் தேவையான ஆட்கள், அதாவது கோரம் இல்லை என்று கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அடுத்த கூட்டத்துக்கு அனுப்பியிருக்கும் கூட்டறிக்கையில் நாங்கள் கேட்ட எதுவும் இல்லை. பிரேரணை நிறைவேறினால் அவருடைய பதவி போகுமா? நாங்கள் எங்கே பிழை விட்டோம்?"

பதவி போகாது. உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம், ஆனால் 20 பேரும் கை உயர்த்தினாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றினால் மட்டும் தவிசாளர் கதிரையை விட்டு எழும்ப வேண்டியதில்லை. பாராளுமன்றத்தில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து, இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உள்ளூராட்சிச் சட்டங்கள் வேறு வழியில் போகின்றன. மாநகர சபை என்றால் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நகர சபை என்றால் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கம், பிரதேச சபை என்றால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். வவுனியா நகரில் ஒன்று, மன்னார் நகரில் இன்னொன்று, சுற்றியுள்ள பிரதேச சபைகளில் மற்றது. உங்கள் சபை எதன் கீழ் வருகிறதோ அதன் தமிழ்ப் பிரதி ஒன்றை முதலில் கையில் எடுங்கள். செயலாளரின் அலுமாரியில் கட்டாயம் இருக்கும்.

அப்படியானால் அந்தத் தீர்மானத்தால் என்ன பயன்? அது சபையின் அபிப்பிராயம், அவ்வளவுதான். ஆனால் அந்த அபிப்பிராயம் ஒரு முறைப்பாட்டுக்குப் பலம் கொடுக்கும். பிரதேச சபைகள் சட்டத்தின் 185ஆம் பிரிவு தவிசாளரை நீக்குவதற்கான காரணங்களைச் சொல்கிறது: திறமையீனமும் சீர்கெட்ட நிருவாகமும், கடமையைத் தொடர்ந்து செய்யாமல் விடுதல், சட்டத்துக்கு அமைய நடக்கத் தொடர்ந்து மறுத்தல், அதிகாரத் துஷ்பிரயோகம். நீக்குவதற்கு முன் ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். மற்ற இரண்டு கட்டளைச் சட்டங்களிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. இந்த அதிகாரம் மாகாணத்துக்கு உரியது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு அது ஆளுநரின் மேசைக்குப் போகிறது. விசாரிக்க வருபவர் "உங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்கமாட்டார். எந்தத் திகதியில், எந்த வேலைக்கு, சபையின் தீர்மானம் இல்லாமல் எவ்வளவு காசு போனது என்றுதான் கேட்பார். ஆகவே பிரேரணையில் "தன்னிச்சையாக நடக்கிறார்" என்று எழுதுவதில் பிரயோசனம் இல்லை. எந்தக் கூட்டத்தில் எடுத்த எந்தத் தீர்மானத்தை அவர் நிறைவேற்றவில்லை என்று இலக்கத்தோடு எழுதுங்கள்.

உண்மையில் கதிரையை அசைப்பது பாதீடு. வரவுசெலவுத் திட்டம் சபையில் தோற்றால், திருத்தியோ திருத்தாமலோ இரண்டு வாரத்துக்குள் திரும்பவும் கொண்டுவர வேண்டும். இரண்டாம் முறையும் தோற்றால் அவர் பதவி விலகியதாகக் கருதப்படுவார். யாழ்ப்பாணம் மாநகர சபையில் 2020 டிசம்பரில் நடந்தது இதுதான். 2021க்கான பாதீடு இரண்டு முறை தோற்றது, முதல்வராக இருந்த ஆர்னோல்ட் பதவி இழந்தார், அந்த மாதக் கடைசியில் நடந்த தெரிவில் மணிவண்ணன் 21க்கு 20 என்ற கணக்கில் முதல்வரானார். ஒரே ஒரு வாக்கு!

ஆனால் இதிலும் ஒரு பூட்டு இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, பதவிக்காலத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் பாதீடு இரண்டு தரம் தோற்றாலும் அது நிறைவேறியதாகவே கொள்ளப்படும், பதவி போகாது. யாழ்ப்பாணத்துச் சபை 2018இல் தொடங்கியது, முதல்வர் விழுந்தது மூன்றாவது பாதீட்டில் என்பதைக் கவனியுங்கள். 2025 மே 6 தேர்தலில் வந்த சபைகளுக்கு அந்தக் கதவு திறப்பது 2027 கடைசியில், 2028க்கான பாதீடு மேசைக்கு வரும்போதுதான். அதுவரைக்கும் உங்கள் 11 பேரும் 11 பேராகவே இருக்க வேண்டும். சபைகளில் கிடந்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதுதான் கஷ்டமான பகுதி.

சரி, இனி அன்றைய கூட்டம். உங்கள் தரப்பில் விட்ட பெரிய பிழை வெளிநடப்பு. கணக்கைப் பாருங்கள். வந்தவர்கள் 15 பேர்: கையெழுத்து வைத்தவர்கள் 10, தவிசாளரோடு சேர்த்து அவர் பக்கம் 5. வெளியே போனது 6. உள்ளே மிஞ்சியது 9 பேர்: உங்கள் ஆட்கள் 4, அவர்கள் 5. பெரும்பான்மையோடு உள்ளே போன நீங்கள், கதவைத் தாண்டிய அந்த நிமிடத்தில் சிறுபான்மை ஆகிவிட்டீர்கள். தவிசாளர் கொஞ்சம் புத்தியாக இருந்திருந்தால் கூட்டத்தை ஒத்திவைத்திருக்கமாட்டார். அந்தப் பிரேரணையையே அப்போதே வாக்குக்கு விட்டு 5க்கு 4 என்று தோற்கடித்திருப்பார்.

கோரம், அறிக்கைகளில் கூட்டநடப்பெண் என்று எழுதுவது, இல்லை என்று அவர் சொன்னது உண்மைதானா என்பது தனிக் கேள்வி. கோரத்தை எப்போதும் சபையின் மொத்த உறுப்பினர் தொகையிலிருந்துதான் கணக்கிட வேண்டும், வந்தவர்களின் தொகையிலிருந்து அல்ல. பின்னம் வந்தால் மேலே கூட்டி எடுக்க வேண்டும். தலைமை தாங்குபவரும் உறுப்பினர்தான், அவரையும் எண்ண வேண்டும். உங்கள் சபைக்குரிய சட்டம் மூன்றில் ஒன்று என்று சொன்னால் 20இல் அது 6.67, ஆகவே 7 பேர். 9 பேர் இருந்தபடியால் கூட்டம் தொடர்ந்திருக்க வேண்டும், ஒத்திவைத்தது பிழை. அரைவாசி என்று சொன்னால் 10 பேர் தேவை, அப்போது ஒருவர் குறைவு, ஒத்திவைத்தது சரி. சட்டத்தில் உள்ள பங்கைச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கோரத்தில் சந்தேகம் வந்தால், "தலைகளை எண்ணி, எண்ணிக்கையைப் பதியுங்கள்" என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். நான் செயலாளராக இருந்த ஒரு சபையில், கோரம் இல்லை என்று அறிவித்தபோது இரண்டு பேர் வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றார்கள். எண்ணச் சொல்லி ஒருவர் எழும்பினார். ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததும் கூட்டம் நடந்தது. எண்ணச் சொல்லாவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது.

நிகழ்ச்சி நிரலுக்கு வருவோம். அதைத் தயாரிப்பது செயலாளர், மாநகர சபை என்றால் ஆணையாளரின் அலுவலகம். பிரேரணையைக் கூட்டத்துக்கு வந்து மேசையில் வைப்பது கொடுத்ததாக ஆகாது. சபையின் நடைமுறை விதிகளில் எத்தனை நாளைக்கு முன் தர வேண்டும் என்று இருக்கும், அதற்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள், தயங்கினால் பதிவுத் தபால். நீங்கள் 11 பேரும் கொடுத்தபோது முத்திரை வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்காவிட்டால் "தரவே இல்லை" என்று ஒரு வரியில் கதை முடிந்துவிடும். இந்த முறை திரும்பவும் கொடுங்கள், ஒரு முன்மொழிபவர், ஒரு ஆமோதிப்பவர், ஒரே ஒரு கோரிக்கை. பிரேரணைக்குள் வீதி விளக்கையும் கழிவு உழவு இயந்திரத்தையும் சேர்த்துக் கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால் ஒரு பகுதிக்கு எதிரான உங்கள் ஆள் ஒருவர் முழுவதற்கும் எதிராகக் கை தூக்குவார். வாக்கு சமமானால் தலைமை தாங்குபவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 10க்கு 10 என்பது உங்களுக்குத் தோல்விதான்.

இப்போது அவசரமானது கூட்டறிக்கை. அது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை, ஆகவே திருத்தலாம். கூட்டம் தொடங்கியதும் "சென்ற கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்தல்" என்று வரும். அந்த இடத்தில் பழைய சண்டையைத் திரும்பத் தொடங்கக்கூடாது. அங்கே கேட்பது ஒன்றுதான், நடந்தது நடந்தபடி எழுதப்பட்டிருக்கிறதா என்பது. "எங்களைப் பேசவிடவில்லை" என்று நீங்கள் சத்தம் போட்டால் தலைமை அதை ஒழுங்குப் பிரச்சினை என்று தள்ளிவிடும், உறுதிப்படுத்தலும் சந்தடியில் நடந்துவிடும். இப்படி ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: "உறுப்பினர்கள் 11 பேர் கையொப்பமிட்ட பிரேரணை நிகழ்ச்சி நிரலில் இல்லாதது பற்றி வினவப்பட்டது. 6 உறுப்பினர்கள் சபையை விட்டு வெளியேறினர். 9 உறுப்பினர்கள் சமுகமளித்திருந்த நிலையில் கூட்டநடப்பெண் இல்லை எனத் தவிசாளர் கூட்டத்தை ஒத்திவைத்தார்." இதைத் திருத்தமாகச் சேர்க்கும்படி முன்மொழியுங்கள், ஒருவர் ஆமோதிக்கட்டும், வாக்குக்கு விடச் சொல்லுங்கள். வசைச்சொல், பெயரடை ஒன்றும் வேண்டாம். அந்த 9 என்ற இலக்கம் ஒன்று அறிக்கைக்குள் ஏறிவிட்டால், ஒத்திவைத்தது சரியா பிழையா என்பதை வெளியே இருந்து பார்க்கிறவர் கூடக் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

தவிசாளர் திருத்தத்தை எடுக்கவே மறுத்தால், உங்கள் எதிர்ப்பைப் பதியச் சொல்லி எழும்பிச் சொல்லுங்கள். அன்றைக்கே அதே வசனத்தைக் கடிதமாகச் செயலாளருக்குக் கொடுத்து, பிரதியை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு அனுப்புங்கள். சில நாள் கழித்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உறுதிப்படுத்திய கூட்டறிக்கையையும் வரவுப் பதிவேட்டின் அந்த நாள் பக்கத்தையும் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். வரவுப் பதிவேட்டில் 15 கையெழுத்து இருக்கும். அறிக்கையில் எத்தனை பேர் என்று இருக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதுவரைக்கும் யாரும் எழும்பி வெளியே போக வேண்டாம். கோபம் வந்தால் தண்ணீர் குடியுங்கள், கதிரையிலேயே இருந்து குடியுங்கள்.